வெள்ளவத்தையிலிருந்து மன்னாருக்கு: எந்த ரயில், எந்த பஸ், எங்கே மாறுவது?

கொழும்பிலிருந்து மன்னாருக்கு நேரடி பஸ் உண்டு, தலைமன்னார் போகும் நேரடி ரயிலும் உண்டு. மடு ரோட்டுக்கு அப்பால் அந்த ரயில் பாதை 2015 மார்ச்சில் திரும்பத் திறக்கப்பட்டது. அந்த ரயிலின் நேரம் உங்களுக்கு ஒத்துவந்தால் ஏறி உட்கார்ந்துவிடுங்கள், இந்தக் கட்டுரையின் மீதி தேவையில்லை. சிக்கல் ஒத்துவராதபோதுதான். யாழ்ப்பாண ரயிலில் போய் வவுனியாவிலோ மதவாச்சியிலோ இறங்கி பஸ் மாறலாம் என்று ஒருவர் சொல்வார். அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் நாலு படம் வந்து விழும். ஒன்றில் ரயில் நேரம், ஒன்றில் பஸ் நிலையப் பலகையின் போட்டோ, ஒன்றில் யாரோ கையால் எழுதிய பட்டியல்.

சித்திக்கு மன்னார்க் கச்சேரியில் பகல் ஒரு மணிக்குள் நிற்க வேண்டிய வேலை. புறப்படுவது வெள்ளவத்தையிலிருந்து. அந்தத் தேவையை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன். நேரங்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வட்டமாக்கி வைத்தவை. உங்கள் கையிலுள்ள படத்தில் வேறாக இருக்கும், ஆகவே என் இலக்கங்களை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போய்விடாதீர்கள். கணக்குப் போடும் விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. படங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை. ரயில்வே இணையத்தளத்தின் தேடல் முடிவில் ஒரு வரிக்குள் பல நேரங்கள் இருக்கும். `Arrival Time`, `Departure Time` என்ற முதல் இரண்டும் நீங்கள் ஏறும் நிலையத்துக்கு உரியவை: வண்டி அங்கே வரும் நேரம், அங்கிருந்து புறப்படும் நேரம். நீங்கள் இறங்கும் இடத்துக்குச் சேரும் நேரம் அதற்கு அடுத்த பத்தியில் இருக்கும். அதற்கும் அப்பால் இருப்பது வண்டி ஓடி முடியும் இடத்தின் நேரம், அதாவது காங்கேசன்துறையின் நேரம். போன் திரையில் படம் சிறிதாகத் தெரியும்போது கடைசி நேரத்தை வவுனியா நேரம் என்று நினைத்துக்கொள்வது சுலபம். அப்படி நினைத்தால் உங்கள் கணக்கு மணிக்கணக்கில் பிழைக்கும்.

பஸ் பலகை இதற்கு நேர்மாறு. அதில் புறப்படும் நேரம் மட்டுந்தான் இருக்கும், போய்ச் சேரும் நேரம் இராது. அதுவும் பஸ் தொடங்கும் இடத்தில் புறப்படும் நேரம். அனுராதபுரத்தில் தொடங்கி மன்னார் போகும் பஸ்ஸை நீங்கள் மதவாச்சியில் மறிக்கப் போகிறீர்கள் என்றால், பலகையிலுள்ள 8.15 உங்களுக்குரிய நேரமல்ல. மதவாச்சிக்கு அது எப்போது வரும் என்பதை நீங்களே கூட்டிப் பார்க்க வேண்டும். அது வழியில் எங்கே ஆட்களை ஏற்றி நிற்கும் என்பது ஓட்டுநருக்கே புறப்பட்ட பிறகுதான் தெரியும்.

அடுத்தது திகதி. ஸ்கிரீன்ஷாட்டின் மேல் ஓரத்தில் தேடிய நாளும், வரியின் பிற்பகுதியில் வண்டி எந்தெந்த நாளில் ஓடும் என்பதும் இருக்கும். அனுப்புபவர்கள் அழகாக வெட்டி அனுப்பும்போது போவது இந்த இரண்டுந்தான். வடக்குப் பாதையில் இது முக்கியம். அனுராதபுரத்துக்கு வடக்கே திருத்த வேலைக்காக 2023 ஜனவரியில் பாதையை மூடி, ஜூலையில் திறந்தார்கள். 2024 ஜனவரியில் மாகோவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில் மூடினார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நாட்டின் ரயில் சேவைகளைக் குழப்பியது. ஒவ்வொரு தடவையும் நேரங்கள் மாறின. ஆனால் பழைய படங்கள் இன்னும் குடும்பக் குழுக்களில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. திகதி இல்லாத படத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. தேடிப் பார்த்து புதுப்படம் எடுக்க இரண்டு நிமிடம் போதும்.

தேடும்போது இன்னொன்றும் செய்து பாருங்கள். ஏறும் நிலையமாகக் கோட்டையைப் போடாமல் முதலில் வெள்ளவத்தையைப் போடுங்கள். வடக்கே போகும் வண்டிகளில் சில கல்கிசையில் தொடங்குவதுண்டு. அது வெள்ளவத்தையில் நிற்குமானால் கோட்டையில் மாறும் தொல்லையே இல்லை. எல்லாரும் பழக்கத்தில் கோட்டையைப் போட்டுத் தேடுவதால் இது படத்தில் தெரியாமலே போய்விடுகிறது.

சரி, இப்போது தெரிவுகளுக்கு வருவோம். படங்களை மாறி மாறித் திறந்து பார்ப்பதை விட, ஒரு துண்டில் இப்படி எழுதிக்கொண்டால் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும்:

கடுகதி: கோட்டை 5.45, மதவாச்சி 8.50, வவுனியா 9.20
அடுத்த ரயில்: கோட்டை 6.35, வவுனியா 10.25
வவுனியா–மன்னார் பஸ்: 9.30, 10.00, 10.40, 11.30
அனுராதபுரம்–மன்னார் பஸ்: 8.15, 10.15
புறக்கோட்டை–மன்னார் நேரடி பஸ்: 5.30

இந்தத் துண்டை மேலோட்டமாகப் பார்ப்பவர் உடனே மதவாச்சியைத்தான் காட்டுவார். அனுராதபுரத்து பஸ் மதவாச்சிக்கு வர முக்கால் மணி நேரம் என்று வைத்தால் ஒன்பது மணிக்கு வரும். ரயில் 8.50க்கு வருகிறது. பத்தே நிமிடம் காத்திருந்தால் போதும், இரண்டு மணி நேர ஓட்டம், பதினொரு மணிக்கு மன்னார். வவுனியா வரை போய் மாறுவதை விட ஒரு மணி நேரம் மிச்சம். வரைபடமும் அவருக்குச் சாட்சி சொல்லும். மன்னார் வீதி மதவாச்சியில்தான் பிரிகிறது. வவுனியாவிலிருந்து வரும் வீதியும் பறயனாலங்குளத்தில் வந்து அதே வீதியில்தான் ஏறுகிறது. பின்னே எதற்கு வடக்கே போக வேண்டும் என்று கேட்பார்.

அந்தப் பத்து நிமிடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ரயில் நின்று, பையை இறக்கி, மேடையை விட்டு வெளியே வந்து, ஆட்டோ பிடித்து, பஸ் மறிக்கும் சந்திக்குப் போவதற்கே பத்து நிமிடம் சரியாகிவிடும். அதாவது ரயில் நேரத்துக்கு வந்தால்கூட மிஞ்சுவது பூச்சியம். ரயில் நேரத்துக்கு வருமா? பொல்காவலைச் சந்தியில் பிரிந்த பிறகு வடக்குப் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஏதாவதொரு நிலையத்தில் நின்றாக வேண்டும். அந்த வண்டி பத்து நிமிடம் பிந்தினால் உங்கள் வண்டியும் சேர்ந்து பிந்தும். இது யாருடைய கவலையீனமுமல்ல, பாதையின் அமைப்பு அப்படி. ஆகவே அந்த ஒன்பது மணி பஸ் கிடைப்பது பஸ்ஸும் பிந்தி வந்தால்தான். இரண்டும் சேர்ந்து பிந்த வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் பயணத் திட்டம் திட்டமல்ல.

பஸ் போய்விட்டால்? அடுத்தது 10.15க்கு அனுராதபுரத்தில் புறப்படுவது, மதவாச்சிக்குப் பதினொரு மணி. வீதியோரத்தில் இரண்டு மணி நேரம் நின்று, பகல் ஒரு மணிக்கு மன்னார். அதுவும் இடம் இருந்தால். இடையில் மறிக்கும் பஸ்ஸில் இருக்கை கிடைப்பது அதிர்ஷ்டம். சித்தியை மதவாச்சியிலிருந்து முருங்கன் தாண்டும் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வைக்க எனக்கு மனமில்லை.

ஆக, காகிதத்தில் மிகக் குறைந்த காத்திருப்பாகத் தெரிந்ததுதான் நடைமுறையில் மிக நீண்ட காத்திருப்பாக முடிகிறது. இந்த வகை ஒப்பீட்டில் நான் எப்போதும் கேட்டுக்கொள்வது இரண்டு கேள்வி. இடைவெளியில் மாறுவதற்கு வேண்டிய நேரத்தைக் கழித்தால் என்ன மிஞ்சும்? அந்த பஸ் தவறினால் அடுத்தது எப்போது? இரண்டாவது கேள்விக்கான விடை ஸ்கிரீன்ஷாட்டிலேயே இருக்கிறது, ஒரு வரி கீழே. ஆனால் முதல் பொருத்தம் கண்ணில் பட்டதும் நாம் கீழே பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

வவுனியாவுக்கு இதே இரண்டு கேள்வியையும் போட்டுப் பாருங்கள். ரயில் 9.20க்கு. 9.30 பஸ்ஸை மறந்துவிடுங்கள், அது மதவாச்சிக் கதைதான். பத்து மணி பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது. நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு ஆட்டோவில் போக, இறங்கி ஏறும் நேரத்தையும் சேர்த்து இருபது நிமிடம் என்று தாராளமாக வைத்தாலும், இன்னும் இருபது நிமிடம் கையில். ரயில் அவ்வளவு பிந்தினாலும் தாங்கும். அதற்கு மேலும் பிந்தி பஸ் தவறினால் 10.40க்கு அடுத்தது. இழப்பது நாற்பது நிமிடம் மட்டும். நல்ல நாளில் பன்னிரண்டு மணிக்கு மன்னார், கெட்ட நாளில் பன்னிரண்டு நாற்பது. ஒரு மணிக் கெடுவுக்குள் இரண்டும் அடங்குகின்றன. பஸ் அங்கேயே தொடங்குவதால் முன்கூட்டிப் போனவருக்கு ஜன்னலோர இருக்கையும் உண்டு.

வவுனியாப் பலகையின் படத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது எந்தப் பலகை? அங்கே பழைய பஸ் நிலையம் என்றும் புதிய பஸ் நிலையம் என்றும் ஆட்கள் சொல்வார்கள். இ.போ.ச. பஸ்ஸின் நேரமா, தனியார் பஸ்ஸின் நேரமா என்பதும் படத்தைப் பார்த்து எப்போதும் தெரியாது. இரண்டு படங்களிலிருந்து நேரங்களைப் பொறுக்கி ஒரே பட்டியலாக்கினால், பத்து மணி பஸ் ஒரு இடத்திலும் 10.40 பஸ் இன்னொரு இடத்திலும் நிற்கக்கூடும். அப்போது நான் மேலே சொன்ன நாற்பது நிமிட இழப்பு என்ற கணக்கு நிற்காது. படம் அனுப்பியவரிடம் எங்கே எடுத்தது என்று கேட்டு, அந்த இடத்தின் பெயரைப் படத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரரிடம் "பஸ் ஸ்டாண்ட்" என்று மட்டும் சொல்லாமல் "மன்னார் பஸ் எடுக்கிற இடம்" என்று சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்த ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சித்தி முதலில் விரும்பியது அதைத்தான். "ஐந்தே முக்காலுக்குக் கோட்டையில நிக்கிறதெண்டால் நான் மூண்டரைக்கு எழும்ப வேணும்" என்றா. நியாயந்தான். அந்த ரயில் வவுனியாவுக்கு 10.25, பஸ் 10.40. பதினைந்து நிமிடம். கிடைத்தால் பன்னிரண்டு நாற்பது. கிடைக்காவிட்டால் 11.30 பஸ், மன்னார் ஒன்றரை. கச்சேரி வேலை போயிற்று. இங்கே கவனியுங்கள்: அதே 10.40 பஸ்தான் கடுகதியில் போகிறவருக்கு மாற்று ஏற்பாடு, பிந்திய ரயிலில் போகிறவருக்கு ஒரே நம்பிக்கை. ஐம்பது நிமிடத் தூக்கத்துக்காக மாற்று ஏற்பாட்டை விற்றுவிடுகிறோம். கெடு இல்லாத பயணம் என்றால் நான் தயங்காமல் இந்த ரயிலைத்தான் சொல்வேன். ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தால் யாருக்கு என்ன?

நேரடி பஸ்ஸை விட்டுவிடக் கூடாது. மாறுதல் இல்லை, காத்திருப்புப் பூச்சியம், பையை ஒரு தடவை வைத்தால் மன்னாரில்தான் எடுப்பது. பலகையில் 5.30 என்று மட்டுமே இருப்பதால், போய்ச் சேரும் நேரத்தை அந்த பஸ்ஸில் அடிக்கடி போய்வரும் ஒருவரிடம் கேட்டேன். ஏழரை மணி நேரம் என்றார். அப்படியென்றால் ஒரு மணி, கெடுவின் விளிம்பில். ஏழு மணி நேரத்தில் போன நாளும் உண்டாம், எட்டு மணி நேரம் எடுத்த நாளும் உண்டாம். வயதானவர், இரண்டு பெட்டி, சிறு பிள்ளை என்று போகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடினாலும் நான் இதைத்தான் சொல்வேன். சித்திக்குச் சொல்லாததற்குக் காரணம் அந்தக் கெடு மட்டுந்தான்.

இனி கொழும்புப் பக்கம். எந்த ஸ்கிரீன்ஷாட்டிலும் வராத காத்திருப்பு இங்கேதான் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கரையோர ரயிலும் உண்டு, காலி வீதியில் 100, 101 பஸ்களும் உண்டு. பகலில் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ரயில் என்பேன். பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் பஸ் படும் பாடு தெரிந்ததே. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்குக் காலி வீதி வெறிச்சோடிக் கிடக்கும், பஸ் ஓடிவிடும். அந்த நேரத்தில் உள்ளூர் ரயில்கள் குறைவு, ஒன்று தவறினால் அடுத்தது எப்போது என்ற அதே கேள்வி இங்கேயும் வரும். ஆகவே காலைக் கடுகதிக்கு பஸ்ஸோ ஆட்டோவோ எடுத்து 5.20க்குக் கோட்டையில் நிற்பதாக வைத்தோம். டிக்கெட் முதலே எடுத்திருந்தால் அந்த இருபத்தைந்து நிமிடம் மேடையைக் கண்டுபிடிக்கப் போதும். நேரடி பஸ்ஸுக்குப் போகிறவர் புறக்கோட்டைக்கு நடக்கும் நேரத்தையும், எந்த பஸ் நிலையம் என்று தேடும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தனியார் தூரப் பயண பஸ்கள் பஸ்தியன் மாவத்தைப் பக்கம், இ.போ.ச. பஸ்கள் மத்திய பஸ் நிலையம் என்று பிரிந்திருப்பது வழக்கம். போகும் கிழமையில் ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

போயா தினத்தையும் நீண்ட வார விடுமுறையையும் தனியாகப் பாருங்கள். பலகையில் உள்ள பஸ் எல்லாம் அன்றைக்கு ஓடும் என்று நம்ப முடியாது, ஓடுவதிலும் கூட்டம் நெரியும். அப்படிப்பட்ட நாளில் நாற்பது நிமிட இழப்பு என்று நான் போட்ட கணக்கை இரட்டிப்பாக்கித்தான் பார்ப்பேன்.

திரும்பி வரும் பயணத்துக்கு இதே கணக்கை அப்படியே புரட்டிப் போட முடியாது. போகும்போது முதலில் ரயில், பிறகு அடிக்கடி ஓடும் பஸ். ரயில் பிந்தினாலும் அடுத்த பஸ் இருக்கிறது. வரும்போது முதலில் பஸ், பிறகு ரயில். வவுனியாவில் 3.30 ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயிலுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ தெரியாது, ஆசனம் பதிவு செய்த டிக்கெட்டும் வீணாகும். மன்னாரில் ஒரு மணிக்கு எடுக்கும் பஸ் படத்தில் அழகாகப் பொருந்தும்: வவுனியாவுக்கு மூன்று மணி, அரை மணி நேரக் காத்திருப்பு. அதை எடுக்க வேண்டாம் என்றேன். பஸ் பழுதானாலோ, மடுச் சந்தியில் நின்று ஆட்களை ஏற்றினாலோ அந்த அரை மணியும் போய்விடும். பன்னிரண்டு மணி பஸ்ஸை எடுத்து இரண்டு மணிக்கே வவுனியாவில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போகலாம். வரும் நாளிலும் கச்சேரி வேலை மிஞ்சி, அது பன்னிரண்டுக்குள் முடியாது என்றால் ரயிலை விட்டுவிட்டு, மன்னாரில் தொடங்கும் கொழும்பு பஸ்ஸுக்கு அன்றிரவே ஆசனம் பிடிப்பது நல்லது. சித்தியின் போனில் இரண்டு படம் மட்டும் வைத்துவிட்டேன்: போகும் நாளுக்கு வவுனியாப் பலகை, வரும் நாளுக்கு மன்னார்ப் பலகை. மற்றதையெல்லாம் அழித்தாயிற்று.